குடைப் பாவாடை வெட்டி ஏமாந்த அனுபவம் உண்டா?

நூல்கண்டு:
பத்து வயசுப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பாவாடை. இடுப்பு 24, உயரம் 20, முழுக் குடை. 58 பன்னா சாட்டின் துணியை நாலாக மடித்துப் போட்டேன். நாலு மடிப்பு, இடுப்பு 24, அப்போ ஒரு மடிப்புக்கு ஆறு. மூலையிலிருந்து இரண்டு பக்கமும் ஆறு இஞ்ச் குறித்து, வளைவு போட்டு வெட்டிவிட்டேன். பெல்ட்டை வைத்துப் பார்த்தால் பாவாடை பக்கம் முக்கால் முழம் மிச்சம்! துணி அவர்களுடையது, அன்று மாலையே விழா.

பக்கத்துக் கடை மாஸ்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. டேப்பைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நான் வெட்டிய வளைவோடு நகர்த்திக்கொண்டே போனார். ஒன்பதரைக்குக் கிட்ட வந்தது. "ஆறு எங்கம்மா வரணும்? மடிப்புலயா, இந்த வளைவுலயா?" என்றார். இடுப்பில் உட்காரப்போவது வளைவுதான். வளைவில் ஆறு வரவேண்டுமென்றால் மூலையிலிருந்து நாலுகூட வேண்டாம், 3.8 போதும். இத்தனை வருஷம் சுருக்குப் பாவாடையே தைத்த கைக்கு அது உறைக்கவில்லை.

அப்புறம் அவரே காப்பாற்றினார். துணியை விரித்து, வெட்டிய ஓரத்துக்கு அரை இஞ்ச் கீழே சாக்கால் இன்னொரு வட்டம் போட்டார். தையல் விழப்போகும் கோடு அதுதானாம், அளவு அதில்தான் எடுக்க வேண்டுமாம். அந்தக் கோட்டில் 24, இணைக்க ஒன்று, ஆக 25 அளந்து குறித்தார். குறிகளில் இருந்து கீழ் ஓரம்வரை நேர்க்கோடு இழுத்து மீதியை வெட்டி எடுத்தார். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பெல்ட் கச்சிதமாகச் சேர்ந்தது. ஆனால் அந்தக் குழந்தை கடையிலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. குடை முழுசாக விரியவில்லை. அதன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

காஜாபட்டன்:
இதுக்கு டேப்பை நிறுத்தி வைக்கிற வித்தையெல்லாம் எதுக்கு? இடுப்பை ஆறால் வகுத்தால் முடிந்தது. 24க்கு நாலு. இருபது வருஷமா இப்படித்தான், ஒரு பாவாடையும் திரும்பி வந்ததில்லை.

பாபின்:
திரும்பி வராததற்குக் காரணம் உங்கள் கை, கணக்கு இல்லை. வகுக்க வேண்டியது 6.28. நாலில் வெட்டினால் ஓரமே 25 வரும். அரை இஞ்ச் கீழே தையல் போட்டால் அங்கே 28க்கு மேல். அந்த நாலு இஞ்சை பெல்ட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கித் தைத்திருப்பீர்கள். காட்டனில் தெரியாது, சாட்டினில் சின்னச் சின்னச் சுருக்கமாகக் காட்டிக்கொடுக்கும். 3.8இல் தையலுக்கு அரை கழித்து 3.3இல் வெட்டணும். ஓட்டை சின்னதாகத் தெரியும், பயப்படாதீங்க. பெரிசாக்கலாம், சின்னதாக்க முடியாது.

காஜாபட்டன்:
சரி, அமுக்கித்தான் தைக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வட்ட ஓரத்தில் சில இடம் நேர் இழை, சில இடம் கிராஸ். கிராஸ் பக்கம் கை பட்டாலே இழுபடும். நீங்கள் 3.3 என்று துல்லியமாக வெட்டினாலும் மெஷினில் ஏறும்போது அது 24ஆகவே நிற்குமா?

மகளுக்காகத் தைப்பவள்:
நான் எலாஸ்டிக் பாவாடைதான் தைப்பேன். பாபின் சொன்னமாதிரி சின்னதாக வெட்டினேன், தலை வழியாகவும் போகவில்லை, கால் வழியாக இடுப்புக்கும் ஏறவில்லை. அழுகையே வந்துவிட்டது.

பாபின்:
அக்கா, அது பெல்ட் பாவாடைக்கு. அதற்கு ஜிப் வைக்க ஒரு பக்கம் திறப்பு இருக்கும். எலாஸ்டிக் என்றால் புட்டத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் அதிகமாக எடுத்து, அதை 6.28ஆல் வகுக்கணும்.
காஜாபட்டன் அண்ணே, இழுபடும், உண்மை. வெட்டினதும் தூக்காமல், மேஜையில் இருந்தபடியே ஓரத்தில் ஒற்றைத் தையல் ஓட்டிவிடுவேன். ஜார்ஜெட்டில் அதையும் மீறி நீண்டிருக்கிறது. அதற்கு எவ்வளவு கழிப்பது என்று எனக்கு நிலையான கணக்கு இல்லை, ஓரத்துண்டில் இழுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பெல்ட் வைத்ததும் கீழ் ஓரம் மடிக்காதீங்க. ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். கிராஸ் பக்கம் இறங்கும். மறுநாள் போட்டுப் பார்க்கவைத்து, தரையிலிருந்து ஸ்கேலால் அளந்து சமப்படுத்தி, அப்புறம் மடியுங்கள்.

நூல்கண்டு:
தொங்கவிட எனக்கு ராத்திரியே இல்லை. வெட்டி எடுத்த அந்த விசிறித் துண்டு இன்னும் கடை அலமாரியில் கிடக்கிறது. அதையும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமோ?