மேக்கணக்கு சொந்தங்கள்: கொழுந்துப் புத்தகம் நிக்கப் போகுதாம்

பாக்கியம் சின்னம்மா: ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு எல்லாரும் 9 மணிக்கு கோயிலுக்கு வந்துருங்க. பந்தலுக்குத் தகரம் கொண்டு வர்றது யாருன்னு இன்னும் முடிவாகல

பாக்கியம் சின்னம்மா: அதோட இன்னைக்கு பெரட்டுல சொன்னத கேட்டீங்களா. ஜூன் ஒண்ணாந் திகதியோட கொழுந்துப் புத்தகத்த நிறுத்தப் போறாங்களாம். போன் இல்லாதவங்களுக்கு பேர் விழாதாம்

ராணி அத்தை: ஐயோ

ரமேஷ்: யார் சொன்னா

பாக்கியம் சின்னம்மா: நம்ம கொழுந்துக் கங்காணிதான். லட்சுமி வீட்டுக்காரர்

தனா மச்சான்: நான் அப்படிச் சொல்லல சின்னம்மா. புது ஆப் வருதுன்னு மட்டும்தான் சொன்னேன். மழையில யாருக்கும் முழுசா காதுல விழல

கவிதா: சிவா அத்தான் ஆபிஸ்லதானே இருக்கீங்க. சரியா என்னான்னு சொல்லுங்க. அம்மா சாப்பிடாம உக்காந்திருக்கு

சிவா: அத்தை முதல்ல சாப்பிடுங்க. யாருக்கும் பேர் போகாது. கொழுந்து எடுக்கிறவங்க யாருக்கும் சொந்தமா போன் வேண்டியதில்ல. நிறுக்கிறவர் கையில ஆபிஸ் போன் ஒண்ணு இருக்கும். தராசு ப்ளூடூத்துல அந்தப் போனோட பேசும். ஒங்களுக்கு செக்ரோல் நம்பர் போட்ட அட்டை தருவாங்க. அட்டைய போன்ல காட்டணும், சாக்க தராசுல மாட்டணும், கிலோ தானா ஏறிடும். அட்டை நனைஞ்சி படிக்கலன்னா நம்பரச் சொன்னா போதும், அவர் அடிச்சிக்குவார்.

சிவா: திகதியும் தப்பா வந்திருக்கு. ஜூன் 1 லேர்ந்து 30 வரைக்கும் ரெண்டும் நடக்கும், புத்தகத்துலயும் எழுதுவாங்க, ஆப்லயும் ஏறும். ஜூன் 30 பொழுதோடதான் புத்தகம் நிக்குது. ஜூலை 1 லேர்ந்து ஆப் மட்டும்.

ராணி அத்தை: சரிப்பா

ரமேஷ்: எங்க கொழும்புக் கடையிலயும் போன வருசம் இப்படித்தான் மாத்துனாங்க. பயப்பட ஒண்ணுமில்ல. எல்லாம் நேரா மேல சேர்வர்ல சேவ் ஆகிடும், தொலையவே தொலையாது

தனா மச்சான்: கொழும்புல சிக்னல் இருக்கு தம்பி. 7ஆம் நம்பர் மலையில ஒரு கோடுகூட வராது

சிவா: மச்சான் சொல்றதுதான் இங்க சரி. சிக்னல் இல்லாத மலையில கணக்கு அந்தப் போனுக்குள்ளதான் இருக்கும். பொழுதுபட ஆபிஸுக்கு வந்து வைஃபை பிடிச்ச பெறகுதான் மேல போகும். அதுக்கு முன்னாடி போன் தண்ணியில விழுந்தாலோ, யாராவது ஆப்ப அழிச்சிட்டு திரும்பப் போட்டாலோ அன்னைக்குக் கணக்கு போச்சு. திரையில மேல "அனுப்பாதவை"ன்னு ஒரு எண்ணு நிக்கும். அது 0 ஆகாம எந்தக் கங்காணியும் வீட்டுக்குப் போகக்கூடாது. பயிற்சியில நான் முதல்ல சொல்லப்போறது இதுதான்.

மணி மாமா: இதெல்லாம் வந்து என்ன பிரயோசனம். என்னோட ஈபிஎஃப் இன்னும் வரல. அடையாள அட்டையில மணிவேல், தோட்டத்துப் பதிவுல மணியம். ரெண்டும் ஒரே ஆளுன்னு காட்ட எட்டு மாசமா அலையுறேன்

கவிதா: அப்பா அது வேற விசயம்

சிவா: வேற விசயமில்ல கவிதா. புது ஆப்புக்குப் பேர்களெல்லாம் அந்தப் பழைய பதிவுலேர்ந்துதான் ஏறுது. அங்க தப்பா இருந்தா இங்கயும் தப்பாவே ஏறும். வர்ற கிழமை பேர்ப் பட்டியல மடுவத்துல ஒட்டச் சொல்லியிருக்கேன். எல்லாரும் அடையாள அட்டையோட வந்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. மாசாமாசம் ஈபிஎஃப்புக்கு ஒங்க சம்பளத்துல நூத்துக்கு 8, தோட்டம் போடுறது நூத்துக்கு 12, அவ்வளவும் அந்தப் பேர்லதான் சேருது. மாமாவுக்கு நடந்தது அத்தைக்கு நடக்கக்கூடாது.

மணி மாமா: அப்ப என் காசு

சிவா: மாமா ஒங்களோடது பழைய செக்ரோல்ல இருக்கு. அந்தப் புத்தகங்களத் தூக்கிப் போட விடமாட்டேன். நாளைக்குத் தனியா போன் எடுக்கிறேன்.

பாக்கியம் சின்னம்மா: ஏன் மாத்தணும்? 30 வருசமா புத்தகத்துலதானே நிறுத்தோம்

சிவா: ஒரு கிலோ இப்ப மூணு இடத்துல எழுதப்படுது சின்னம்மா. மொதல்ல ஒங்க துண்டுல, அடுத்து நிறுக்கிறவர் புத்தகத்துல, கடைசியா கிளாக்கர் செக்ரோல்ல. ஒவ்வொரு தடவ பாத்து எழுதும்போதும் 1 எல்லாம் 7 ஆகுது, பக்கத்து வரிக்காரங்க கிலோ இந்த வரியில விழுது. அது தெரிய வர்றதுக்குள்ள சம்பளமே வந்துரும். புதுசுல ஒரு தடவதான் ஏறும். அன்னைக்கு ஏறுனத அன்னைக்கே பாக்கலாம். ஆபிஸுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மலையில நிறுத்த கிலோவும் ஸ்டோர்ல இறங்குற கிலோவும் எவ்வளவு வித்தியாசம்னு அவங்களுக்கு அன்னைக்கே தெரியணும். அதையும் மறைக்காமச் சொல்றேன்.

ராணி அத்தை: கிலோ கொறையுமா கூடுமா அத மட்டும் சொல்லு

சிவா: நல்ல கேள்வி அத்தை. ஒங்க ஒரு நாளையே வச்சிச் சொல்றேன். சாக்கோட மாட்டும்போது காலையில 8.8, பகல் 6.6, அந்தி 5.5ன்னு வைங்க. நனைஞ்ச சாக்கு அரைக் கிலோ. கழிச்சா 8.3, 6.1, 5.0. புத்தகத்துல புள்ளிக்குப் பின்னாடி எழுதுறதில்ல, அதனால 8, 6, 5 ன்னு 19தான் விழும். ஆப்ல புள்ளியும் சேரும், 19.4.

ராணி அத்தை: அப்ப கூடும்

சிவா: சரியா செட் பண்ணியிருந்தா கூடும். போன கிழமை கீழ்க்கணக்குல ஒரு கேங்க வச்சி ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தோம். கூடல, கொறஞ்சிச்சு. ஏன்னா வெறும் சாக்க மாட்டி தராசுலயே பட்டன அமுக்கி பூச்சியம் ஆக்கியிருக்காங்க. ஆப்புக்குள்ளயும் "சாக்குக் கழிவு 0.5"ன்னு போட்டிருக்கு. ஒரே சாக்க ரெண்டு தடவ கழிச்சிருக்கு. ஒங்க 19.4 அப்படி ஏறுனா 17.9 ஆகும். ஒரு நாளைக்கு நம்ம நோம் 18 கிலோ. அன்னைக்கு நோமுக்குக் கீழ போயிருவீங்க.

தனா மச்சான்: ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ. 22 நாளைக்கு 33

ராணி அத்தை: ஐயோ

கவிதா: எப்படிக் கண்டுபிடிச்சீங்க

சிவா: புத்தகமும் கூட இருந்ததாலதான். புள்ளியைத்தான் புத்தகம் விடுது, அதனால ஆப் கணக்கு எப்பவும் புத்தகத்துக்குச் சமமா, இல்ல கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கணும். மூணு நிறுவைக்கு அந்தக் கூடுதல் 3 கிலோவுக்குள்ள இருக்கும். ஆப்ல கொறஞ்சா எங்கயோ தப்புன்னு அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் இத ஒண்ண மட்டும் பாத்துக்கிட்டா போதும். இன்னொன்னு, காலையில முதல் ஆள் நிறுக்க முன்னாடி வெறும் சாக்க மாட்டிப் பாருங்க. ஆப்ல "தேறிய எடை" 0.0 காட்டணும். அதுல மைனஸ் வந்தா ரெண்டு தடவ கழியுது.

தனா மச்சான்: இது மழை நாளுக்கும் சரியா வருமா? ஈரக்கழிவு வேற இருக்கே

சிவா: மழை நாளுல அந்த விதி அப்படியே பொருந்தாது மச்சான். ஈரத்துக்குக் கழிக்கிறத ஃபீல்ட் ஆபிசர்தான் ஆப்ல போடுவார், புத்தகத்துல நிறுக்கிறவர் கண்ணால பாத்துக் கழிப்பார். ரெண்டும் ஒத்துப்போகாது. அன்னைக்கு எவ்வளவு கழிச்சாங்கன்னு மடுவத்துல பலகையில எழுதச் சொல்லணும். அதுக்கு இன்னும் ஆம்னு பதில் வரல.

தனா மச்சான்: ஜூன் முழுக்க மழைதான். ஈர விரல்ல அந்தப் போன் தொடவே மாட்டேங்குது, நான் பாத்துட்டேன். துணியில தொடைச்சித் தொடைச்சி நிறுத்தா 40 பேருக்கு ராத்திரி ஆகிடும்

ரமேஷ்: கவர் போடுங்க

தனா மச்சான்: கவர் மேல விழுற துளியே தானா பட்டன அமுக்குது தம்பி

பாக்கியம் சின்னம்மா: அட்டைய மக கையில குடுத்து அனுப்பலாமா? எனக்கு முழங்கால் வலி, அந்தி நிறுவைக்கு நடக்க முடியல

ராணி அத்தை: அட்டை விசயத்துல நீ பேசாத பாக்கியம். அந்த வருசம் என் கொழுந்து யார் துண்டுல விழுந்திச்சின்னு ஊருக்கே தெரியும்

பாக்கியம் சின்னம்மா: அண்ணி நீங்கதான் நோம் வராதுன்னு சேத்து நிறுக்கச் சொன்னீங்க

ராணி அத்தை: திருப்பித் தர்றேன்னு சொன்னியே

மணி மாமா: ரெண்டு பேரும் நிறுத்துங்க. காதுகுத்து நேரத்துல

லட்சுமி அக்கா: தகரம் யார் கொண்டு வர்றதுன்னு கேட்டாங்களே

சிவா: சின்னம்மா, சாக்க மக தூக்கிட்டு வரலாம், ஒங்க அட்டைக்கு ஒங்க கொழுந்து மட்டும் ஏறணும். சேத்து நிறுக்கிறது ஆப்ல தெரிஞ்சிடும். ஒரே நிமிசத்துல ரெண்டு அட்டை, ஒண்ணுல மட்டும் பாதிக் கிலோன்னா ஆபிஸ்ல கேப்பாங்க. முடியாத நாளைக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் குடுத்து ஒதவுனது எனக்கும் தெரியும். அதுக்கு இனிமே என்ன வழின்னு நானும் யோசிக்கிறேன்.

சிவா: பயிற்சி சனிக்கிழமை 2.30க்கு, கொழுந்து மடுவத்துல. ஆபிஸ் மேல்மாடியில படம் போட்டுக் காட்டுறதாத்தான் இருந்திச்சு, நான் வேணாம்னேன். தராச மாட்டாம, சாக்கத் தொடாமப் படிச்சா மலைக்குப் போனதும் மறந்துரும். கங்காணிமாரும் நிறுக்கிறவங்களும் ஆளுக்குப் பத்து நிறுவை தாங்களே நிறுக்கணும், அதுல ரெண்டு சிக்னல அமத்தி வச்சி. கொழுந்து எடுக்கிறவங்களுக்கு திங்கள் லேர்ந்து பெரட்டுக்களத்துல கேங் கேங்கா பதினஞ்சு நிமிசம். சொல்லிக் குடுக்க வர்றவருக்குத் தமிழ் தெரியாது, நான் கூட நிப்பேன்.

தனா மச்சான்: சனிக்கிழமை நான் தகரத்துக்கு டவுனுக்குப் போகணுமே

பாக்கியம் சின்னம்மா: ஆமா அவர் வந்தாத்தான் பந்தல்

சிவா: மச்சான் நீங்க இல்லாம 7ஆம் நம்பர் மலை எப்படி

லட்சுமி அக்கா: காலையிலயே போய்ட்டு வரட்டும்

தனா மச்சான்: கடை திறந்தா பாப்போம்

கவிதா: அத்தான் ஒரு கேள்வி. ஜூன் சம்பளத் துண்டு எப்ப கையில வரும்?

சிவா: ஜூலை 10.

கவிதா: அப்ப ஜூன் 30லயே புத்தகத்த எப்படி நிறுத்துறது? ரெண்டு கணக்கும் ஒத்துப் போச்சான்னு சம்பளத் துண்டப் பாத்தாத்தானே தெரியும். தப்புன்னு 10ஆம் திகதி தெரிஞ்சா, ஜூலையில பத்து நாள் புத்தகமே இல்லாமப் போயிருக்கும்

ரமேஷ்: அதுவும் சரிதான்

சிவா: நீ சொல்றது சரி. கிலோ ஒத்துப் போறத மட்டும்தான் நாங்க யோசிச்சோம். கிலோ சரியா இருந்தும் பண்டிகை முற்பணத்தோட மீதி தப்பா ஏறியிருந்தா, அது சம்பளத் துண்டுலதான் தெரியும். மாசத்துக்கு நடுவுல நிறுத்தவும் முடியாது. நிறுத்துனா பாதி மாசம் புத்தகத்துல, பாதி ஆப்லன்னு கூட்டுற எடத்துல தப்பு வரும். அப்படின்னா ஜூலை 31.

தனா மச்சான்: கிளாக்கர் ஒத்துக்குவாரா? ரெண்டு மாசம் ரெண்டு வேலை

சிவா: கஷ்டம்தான். ஜூலையில ஒரு கேங்குக்கு மட்டுமாவது புத்தகம் வேணும்னு கேக்குறேன். நாளைக்குக் காலையில பெரிய கிளாக்கரப் பாக்குறேன்.

ராணி அத்தை: என் கேங்க கேளு

பாக்கியம் சின்னம்மா: ஏன் ஒங்க கேங்க மட்டும்

மணி மாமா: சிவா நாளைக்கு எத்தனை மணிக்கு போன் எடுப்ப

சிவா: 7 மணிக்கு மாமா. அடையாள அட்டைய கையில வச்சிக்குங்க.

லட்சுமி அக்கா: தகரம் எத்தனைன்னு யாராவது சொல்லுங்க. 12 போதுமா