புதுப்பிப்பு: சந்தை முடியும் நேரத்துக் கொய்யா விலை

முன்பு நான் கேட்டது: "வாரச்சந்தையில் இரவு ஏழு மணிக்குக் கொய்யா விலையைக் குறைக்கிறேன், இப்போது பலர் ஏழு மணிக்குத்தான் வருகிறார்கள். என்ன செய்வது?"

நான்கு சந்தைகள் கடந்துவிட்டன. அப்போது பதில் எழுதியவர்களில், மண்டியில் பல்லாண்டு இருந்த பெரியவர், நேரத்தைப் பார்க்காமல் பழத்தைப் பார்த்து விலையை இறக்கச் சொன்னார், அதையே செய்தேன். கிலோ அறுபது ரூபாய் என்ற பலகையைக் கடைசிவரை மாற்றவில்லை. மாலை நான்கு மணிக்கு ஒருமுறை தட்டைக் கலைத்து, காம்புப் பக்கம் அழுத்தினால் விரல் பதியும் பழங்களை மட்டும் தனியே எடுத்து, இருபது ரூபாய்க் கூறுகளாக வைத்தேன். கூறு தீர்ந்தால் தீர்ந்ததுதான். கெட்டிப் பழத்தை அதில் சேர்ப்பதில்லை.

சென்ற வாரம் நாற்பது கிலோவில் ஆறு கிலோ கனிந்திருந்தது. பத்துக் கூறுகளில் எட்டு, கூட்டம் இருக்கும்போதே ஆறு மணிக்குள் விற்றன. ஏழு மணிக்கு வந்த அக்கா, "இன்னும் குறைக்கலையா?" என்று கேட்டுவிட்டு அரைக் கிலோவோடு போனார்.

குறைக்கவே கூடாது, கொட்டிவிடுங்கள் என்ற தம்பி சொன்னது பாதி சரி: மீந்த ஐந்து கிலோ கெட்டிப் பழம் மறுநாள் அடுத்த ஊர்ச் சந்தையில் முழு விலைக்குப் போனது, கனிந்தது அதுவரை தாங்காது. கீரைக்கட்டு பற்றி எழுதிய அம்மாவுக்கு இது பொருந்தாது; கீரை முழுவதும் ஒன்றாக வாடும், பிரித்தெடுக்க ஏதுமில்லை.

மழை நாளில் நான்கு மணிக்கே ஆள் இருப்பதில்லை. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.