கசப்பைக் கூடுதலாக உணர்பவருக்கு என்ன சொல்? (காபி செய்முறை நூலுக்காக)

மீனாட்சி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஃபில்டர் காபி செய்முறைகளைத் தொகுத்து ஒரு சிறு நூல் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அடிப்படை அளவு இது: 80க்கு 20 சிக்கரி கலந்த பொடி 30 கிராம், கொதித்து இறக்கிய தண்ணீர் 200 மில்லி, இறங்கும் டிகாக்‌ஷன் ஏறக்குறைய 140 மில்லி. ஒரு டம்ளருக்கு 40 டிகாக்‌ஷன், 110 பால். நாலைந்து பேரிடம் குடிக்கக் கொடுத்தால் ஒருவர் வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி முகத்தைச் சுளிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்காகப் போட்டிருக்கலாம் என்கிறார். கசப்பைக் கூடுதலாக உணர்கிறவர்களுக்கு "இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்" என்று தனிக் குறிப்பு எழுத வேண்டும். அவர்களை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? எனக்குத் தோன்றியது "கூர்நாவினர்". சரியா?

செல்வகுமார் எழுதியது:

இதற்கு ஆங்கிலத்திலேயே சொல் இருக்கிறது, சூப்பர்டேஸ்டர். "மிகைச்சுவையர்" என்று வைத்துவிடலாம். டாஸ்2ஆர்38 என்ற மரபணுதான் காரணம். 1931இல் டூபாண்ட் ஆய்வகத்தில் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. என்ற பொடியைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது, கூட இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அங்கிருந்துதான் இந்தத் துறையே தொடங்கியது. பி.டி.சி. தடவிய காகிதத்தை நாக்கில் வைத்துப் பார்த்தால் போதும், கசக்கிறவர்களுக்குக் காபியும் கசக்கும். அவர்களுக்குச் சிக்கரியைக் கூட்டச் சொல்லுங்கள்.

கந்தசாமி எழுதியது:

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது அம்மா. இளவயதில் என் தாயார் போடும் காபியே கசக்கும், மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுவேன். இப்போது சர்க்கரையே இல்லை, டிகாக்‌ஷன் பாதி, பால் பாதி. அப்படியும் சப்பென்றுதான் இருக்கிறது. மருமகள் அதில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். மரபணு என்றால் பிறந்ததிலிருந்து ஒன்றுதானே, நான் எப்படி மாறினேன்? எனக்கு எந்தச் சொல் பொருந்தும்?

வசந்தி எழுதியது:

செல்வகுமார் சொன்ன ஃபாக்ஸ் கதை உண்மைதான், ஆனால் அதிலிருந்து காபிக்குத் தாவ முடியாது. டாஸ்2ஆர்38 மரபணு உண்டாக்குவது பி.டி.சி.க்குப் பதில் சொல்லும் ஏற்பி, அதாவது நாக்கில் கசப்பை உணரும் புரதம், அது கஃபீனைக் கண்டுகொள்ளாது. நமக்கு ஏறக்குறைய 25 கசப்பு ஏற்பிகள் இருக்கின்றன. கஃபீனை உணர்பவை வேறு ஒரு கூட்டம், அவற்றில் முக்கியமான சில 12ஆவது குரோமோசோமில் இருக்கின்றன, டாஸ்2ஆர்38 இருப்பதோ 7ஆவதில். அதனால் காகிதம் கசந்தவருக்குக் கஃபீன் சாதாரணமாகத் தெரியலாம், மாறியும் நடக்கலாம். உணவுச் சுவை ஆய்வில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், "மிகைச்சுவையர்" என்று ஆளுக்குப் பெயர் வைத்தால் வாசகர் தன்னை எல்லாக் கசப்புக்கும் கூர்மையானவர் என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று. காபியின் கசப்பில் கஃபீனின் பங்கு 15 சதவீதம் அளவுதான். மீதி பெரும்பாலும் வறுப்பதால் வருவது. நடுத்தரமாக வறுத்தால் குளோரோஜெனிக் அமிலத்திலிருந்து பிறக்கும் லாக்டோன்கள், கருக வறுத்தால் அவையே உடைந்து உண்டாகும் ஃபீனைலிண்டேன்கள். இந்த இரண்டாவது வகைதான் நாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும் கசப்பு. சிக்கரியில் கஃபீன் கிடையாது, அதனால் அதைக் கூட்டினால் கஃபீன் குறையும், ஆனால் சிக்கரியும் வறுபட்ட வேர்தானே, தன் கசப்பைக் கொண்டுவரும். வறுத்த கசப்பில் அவதிப்படுகிறவருக்குச் சிக்கரியைக் கூட்டச் சொன்னால் அவர் உங்கள் நூலை மூடிவைத்துவிடுவார்.

திருச்செல்வி எழுதியது:

"கைப்பு" என்ற பழைய சொல்லை ஏன் யாரும் எடுக்கவில்லை? அதோடு, காபியில் நாக்கு இழுப்பது துவர்ப்புத்தானே? பால் விட்டால் அது போய்விடுகிறது. ஆகவே "துவர்ப்பு உணர்வோர்" என்பதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

வசந்தி எழுதியது:

திருச்செல்வி, நாக்கு வறண்டு இழுப்பது துவர்ப்பு, உண்மைதான், மீனாட்சி கேட்டது அது இல்லை. ஆனால் இந்தக் குழப்பம் சுவை பார்க்க உட்காருகிறவர்களிடமும் உண்டு. இரண்டாம் டிகாக்‌ஷனைக் குடித்துவிட்டு "கசக்கிறது" என்பார்கள், அதில் பாதி துவர்ப்பாக இருக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி: அதே டிகாக்‌ஷனை இரண்டு சிறிய கப்பில் எடுங்கள். ஒன்றில் 50 மில்லிக்கு விரல்நுனியில் ஒட்டுகிற அளவு உப்பு, மற்றொன்று அப்படியே. சோடியம் கசப்பை அடக்கும். உப்புக் கப்பில் தொல்லை குறைந்தால் கசப்புத்தான். குறையாமல், பால் சேர்த்ததும் அடங்கினால் பெரும்பாலும் துவர்ப்பு. பால் கசப்பையும் ஓரளவு தணிக்கும், அதனால் உப்புச் சோதனையை முதலில் செய்யுங்கள். உப்பின் ருசி தெரிந்தால் அளவு கூடிவிட்டது.

கந்தசாமி ஐயா, உங்கள் விஷயத்தில் இரண்டு சேர்ந்திருக்கலாம். வயதானால் கசப்பு தெரிய இன்னும் கூடுதல் அளவு தேவைப்படும், மூக்கின் திறனும் குறையும். சப்பென்று இருப்பதில் பெரும்பங்கு மூக்குக்குத்தான், காபியின் மணம்தான் தெரியாமல் போகிறது. அதனால் டிகாக்‌ஷனைக் கூட்டிக்கொண்டே போனால் மருமகள் கீழே வைக்கும் அளவுக்குக் கசப்புதான் ஏறும், மணம் அதே விகிதத்தில் திரும்பாது. புதிதாக வறுத்து அரைத்த பொடி வாங்கி, அன்றன்றைக்கு இறக்கிய டிகாக்‌ஷனைச் சூடாகக் குடித்துப் பாருங்கள்.

இரண்டாவது பழக்கம். பழகினால் கசப்பு தெரியாமல் போவதில்லை, பெரும்பாலும் அது பிடித்துப்போகிறது. 2018இல் பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்துச் செய்த மரபணு ஆய்வு என்ன காட்டியது தெரியுமா? கஃபீனின் கசப்பைக் கூடுதலாக உணரும் மரபணு வகை உள்ளவர்கள் காபியைக் குறைவாக அல்ல, கூடுதலாகக் குடித்தார்கள். கஃபீன் தரும் தெம்போடு அந்தக் கசப்பு சேர்ந்துகொண்டது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆக நமக்கு இரண்டு சொல் வேண்டும். எவ்வளவு கசக்கிறது என்பதற்கு ஒன்று, எவ்வளவு கசப்பு வேண்டியிருக்கிறது என்பதற்கு இன்னொன்று. "கசப்புணர்திறன்", "கசப்பேற்பு" என்று வைக்கலாமா? ஆளுக்குப் பெயர் வேண்டாம்.

செல்வகுமார் எழுதியது:

கஃபீன் விஷயம் எனக்குப் புதிது, ஏற்கிறேன். ஆனால் ஆங்கிலச் சொல் ஏற்கெனவே நாளிதழ்களில் வந்துவிட்டது, அதைத் தேடி வருகிற வாசகருக்கு ஆளைக் குறிக்கும் சொல் இல்லையென்றால் எப்படி? அப்புறம் "ஏற்பு" என்றதும் நீங்களே சொன்ன "ஏற்பி" நினைவுக்கு வருகிறது, குழப்பாதா? "கசப்பு விருப்பு" நேராக இருக்கிறதே.

மீனாட்சி எழுதியது:

"விருப்பு" என்றால் சகித்துக்கொண்டு குடிக்கிறவர் விட்டுப்போகிறார், அதனால் "கசப்பேற்பு" இப்போதைக்கு இருக்கட்டும். நூலில் இப்படி எழுதப் போகிறேன், யாராவது சரிபாருங்கள்: "கசப்புணர்திறன் கூடியவர்கள் நடுத்தரமாக வறுத்த, சற்றுப் பெருவெட்டாக அரைத்த பொடி எடுக்கவும், முதல் டிகாக்‌ஷனோடு நிறுத்தவும், 30 டிகாக்‌ஷனுக்கு 120 பால். கசப்பேற்பு மட்டும் குறைந்தவர்கள் பொடியை மாற்ற வேண்டாம், சர்க்கரையில் தொடங்கி வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைக்கவும்."

ஆளைக் குறிக்கும் சொல்லை விட்டுவிடுகிறேன். மணம் தெரியாததால் சப்பென்று இருப்பதற்கு இன்னும் சொல் இல்லை, கந்தசாமி ஐயா போன்றவர்களுக்கு அதுதான் முதலில் தேவை. "மணமின்மை" என்றால் காபியில் மணம் இல்லை என்று ஆகிவிடும்.

கந்தசாமி எழுதியது:

புதுப் பொடி வாங்கியாயிற்று அம்மா. மணம் கொஞ்சம் தெரிகிறது. பாதிக்குப் பாதியைத்தான் இன்னும் விட முடியவில்லை.