கலைச்சொல் தேவை: பேரத்துக்கு முன் வழிகளை எழுதிப் போடும் கட்டம்

அன்பரசி:
பேச்சுவார்த்தைப் பயிற்சிக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். பேரம் தொடங்குமுன், நல்லது கெட்டது பார்க்காமல் எல்லா வழிகளையும் எழுதிப் போடுவது முதல் கட்டம், பொறுக்குவது அப்புறம். முதல் கட்டத்துக்கு ‘மூளைப்புயல்’ என்று போட மனம் வரவில்லை. வேறு சொல் உண்டா?

கதிர்:
மூளைப்புயலே போதுமே, புழங்கிவிட்டது. கூட்டமாக உட்கார்ந்து பேசினால்தான் யோசனை ஊறும்.

சிவநேசன்:
கதிர், அது பாதிதான் சரி. 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடிப் பேசியபோது வந்ததைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. அதனால் முதலில் ஆளுக்கொரு தாள், பிறகு பலகை.

நான் மில் தொழிற்சங்கத்தில் இருந்தவன். சட்டப்படி போனஸ் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நாங்கள் 20 என்போம், நிர்வாகம் 8.33 என்னும், ஒரே எண்ணில் மல்லுக்கட்டுவோம். ஒரு வருடம் முன்கூட்டியே உட்கார்ந்து எழுதினோம்: பாதி தீபாவளிக்கு, பாதி பொங்கலுக்கு; 8.33-க்கு மேல் உள்ளதைப் போனஸ் கணக்கில் சேராத கருணைத் தொகையாக; வட்டியில்லா முன்பணம். ‘முன்பணம் கடன்தானே’ என்று ஒருவர் வெட்டினார், அதோடு மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனாலும் அதுவரை எழுதியதே கைகொடுத்தது. நிர்வாகத்தின் கவலை அடுத்த வருடமும் இதே சதவீதம் கேட்பார்களே என்பது, எங்களுக்கோ தீபாவளிக்குக் கையில் காசு வேண்டும். கருணைத் தொகை இரண்டுக்கும் பொருந்தியது.

பாத்திமா:
வாடகை பேசும்போது தொகையை நாம் முதலில் சொல்லலாமா? வீட்டுக்காரர் 2,000 ஏற்றச் சொல்கிறார்.

அன்பரசி:
பாத்திமா, அது பேரம் தொடங்கிய பிறகு வருவது. ஏற்றத்துக்குப் பதில் வெள்ளையடிப்பது, இரண்டு வருட ஒப்பந்தம் என்று வேறு என்னென்ன கேட்கலாம் என முதலில் எழுதிப் பாருங்கள்.
சிவநேசன் ஐயா, இதை எதிர்த்தரப்போடு சேர்ந்து செய்ததுண்டா?

சிவநேசன்:
உண்டு, பட்டும் இருக்கிறோம். தவணை என்று எங்கள் ஆள் ஒருவர் சொன்னதை மறுநாள் ‘ஒத்துக்கொண்டீர்களே’ என்று பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் பலகையின் தலையில் ‘இதில் எதுவும் ஒப்புதல் அல்ல’ என்று எழுதினோம், யார் சொன்னது என்று பெயர் போடவில்லை, எங்களுக்குப் பிடிக்காததையும் சேர்த்தே எழுதினோம். அப்போதுதான் எது எங்கள் மனதில் இருப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் பகை முற்றிய இடத்தில் இதுவும் எடுபடாது, தரப்புக்குள்ளேயே செய்துகொள்வது மேல்.
சொல்லுக்கு: ‘வழிவிரிப்பு’, அடுத்த கட்டம் ‘வழித்தேர்வு’.

கதிர்:
விரிப்பு என்றால் மெத்தை விரிப்புதான் ஞாபகம் வருகிறது. ‘வழிக்குவிப்பு’?

சிவநேசன்:
குவிலென்ஸ் படித்த பையனுக்குக் குவிப்பது என்றால் ஒரு புள்ளியில் சேர்ப்பது. இங்கே அதற்கு நேர்மாறு.

அன்பரசி:
வழிவிரிப்பு சரி, ஆனால் சொன்னவரை அது கட்டுப்படுத்தாது என்பது சொல்லில் வரவில்லையே. சங்கத்தில் என்ன சொல்வீர்கள்?

சிவநேசன்:
‘சும்மா எழுதிப் போடுங்கப்பா’ என்போம்.

கதிர்:
அந்தச் ‘சும்மா’வில்தான் நீங்கள் கேட்டது இருக்கிறது. கையேட்டில் போடத் துணிவீர்களா?