சுருள்வில் வரைபு: படித்திறன் சரி, வெட்டுத்துண்டு மட்டும் ஏன் 13.7?

ஆய்வுகூடம்
அண்மையில் திருத்திய ஒரு மாணவரின் வரைபைப் பகிர்கிறேன். நீங்கள் கண்ட பிழைகளையும் எழுதுங்கள். சுருள்வில்லில் படிகளைத் தொங்கவிட்டு, வில்லின் முழு நீளத்தை அளந்த அட்டவணை:

திணிவு (கிராம்): 50, 100, 150, 200, 250
நீளம் (செ.மீ.): 14.1, 16.0, 18.1, 19.9, 22.0

புள்ளிகள் சரி, கோடும் அழகாக விழுந்திருக்கிறது. கோட்டின் மேல் (45, 13.9), (240, 21.6) என்ற இரண்டு இடங்களை எடுத்து, 7.7-ஐ 195-ஆல் வகுத்து, படித்திறன் 0.0395 என்று எழுதியிருக்கிறார். அதுவும் சரி. வெட்டுத்துண்டு மட்டும் 13.7.

காரணம், கிடை அச்சு 40-இல் தொடங்குகிறது. தாளின் இடது ஓரத்தில் நிற்கும் கோடு திணிவு 0 அல்ல, 40. அங்கே வாசித்தால் 40 கிராம் தொங்கும்போதுள்ள நீளம்தான் கிடைக்கும். படித்திறன் வித்தியாசங்களால் வருவதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நிலை அச்சு 10-இல் தொடங்கியதாலும் கெடுதியில்லை.

மறுபடி வரைய நேரமில்லாவிட்டால் கோட்டிலுள்ள ஒரு புள்ளியை வைத்தே எடுக்கலாம்: 21.6 − 0.0395 × 240. விடை 12.1.

மதுரைக்காரர்
படித்திறனை நாங்கள் சாய்வு என்போம். இதற்கு ஏன் சார் இவ்வளவு சுற்று? அட்டவணையின் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் எடுத்தால் போதும். (22.0 − 14.1) ÷ 200, அதே 0.0395 வந்துவிட்டதே.

கட்டத்தாள்
இந்த அட்டவணையில் வந்துவிட்டது, அண்ணா. கடைசி நீளத்தை யாரோ 22.4 என்று தப்பாக வாசித்திருந்தால் உங்கள் முறையில் 0.0415 வரும், தப்பு நடந்ததே தெரியாது. வரைந்திருந்தால் அந்தப் புள்ளி மட்டும் கோட்டுக்கு மேலே தனியாக நிற்கும், உடனே திரும்ப அளக்கலாம். பக்கத்துப் பக்கத்து வரிசைகளை எடுத்தால் இன்னும் மோசம்: 50-க்கும் 100-க்கும் இடையில் 0.038, 100-க்கும் 150-க்கும் இடையில் 0.042. ஒரு மில்லிமீட்டர் தடுமாற்றமே இதற்குப் போதும்.

முக்கோணத்தைப் பெரிதாகப் போடுவதும் இதனால்தான். ஆனால் தொலைவாக எடுப்பது மட்டும் போதாது, புள்ளிகள் கோட்டின் மேல் இருக்க வேண்டும். கோடுதான் ஐந்து அளவீடுகளையும் சேர்த்துப் பேசுகிறது. கோட்டை எங்கே வைப்பது என்ற சந்தேகம் வந்தால் சராசரிப் புள்ளியைக் குறியுங்கள், இங்கே (150, 18.02). அளவுகோலை அதில் ஊன்றிச் சுழற்றி, புள்ளிகள் மொத்தத்தில் கோட்டுக்கு மிக அருகில் வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

உயர்தர மாணவி
நான் திணிவை நிலை அச்சில் போட்டேன். படித்திறன் 25.4, வெட்டுத்துண்டு −307 வந்தது. மறைப் பெறுமானம் வந்ததால் முழுவதும் பிழையா, சேர்?

ஆய்வுகூடம்
பிழையில்லை, தங்கச்சி. அச்சுகள் இடம் மாறியதால் படித்திறன் தலைகீழாகியிருக்கிறது: 1 ÷ 0.0394. அலகும் இப்போது ஒரு செ.மீ.க்கு இத்தனை கிராம். உங்கள் கோடு கிடை அச்சை வெட்டும் இடத்தைப் பாருங்கள், 12.1 அங்கே இருக்கும். ஆனால் நாம் மாற்றியது திணிவை, அளந்தது நீளத்தை. மாற்றியதைக் கிடை அச்சில் போடுவதே வழக்கம்.

கட்டத்தாள்
ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. படி எதுவும் தொங்காதபோது அளவுகோலில் வில் 12.1 காட்டியதா, வேறு ஏதாவது காட்டியதா?

ஆய்வுகூடம்
நல்ல கேள்வி. 12.6 என்றுதான் தாளில் குறித்திருக்கிறது.

கட்டத்தாள்
அப்படியானால் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டு இறுகியிருக்கும் வில் அது. முதலில் சில கிராம் எடை, சுருள்களைப் பிரிக்கவே போய்விடும். அதுவரை நீளம் கூடாது. கணக்குப்படி 0.5 செ.மீ. வித்தியாசத்துக்குச் சுமார் 12 அல்லது 13 கிராம். அதனால் 12.6-ஐ ஆறாவது புள்ளியாகச் சேர்த்துக் கோட்டை வளைக்கக் கூடாது.

மதுரைக்காரர்
கொக்கியின் எடையைச் சேர்த்தார்களா? அதை விட்டிருந்தால் வெட்டுத்துண்டு கூடத்தானே செய்யும்?

கட்டத்தாள்
ஆமாம், கூடும். 50 கிராம் கொக்கியை விட்டால் கிட்டத்தட்ட 2 செ.மீ. ஏறும், சாய்வு அப்படியே நிற்கும். கொக்கியை விட்டிருந்தால் நான் சொன்ன 12, 13 கிராமும் மாறும். ஆகவே கொக்கியின் எடை தெரியாமல் வில்லைப் பற்றி நான் சொன்னதும் ஊகம்தான்.

ஆய்வுகூடம்
தாளில் கொக்கி பற்றி ஒரு வரியும் இல்லை. நாளை அந்தப் படிகளையும் கொக்கியையும் தராசில் வைத்துப் பார்க்கிறேன்.