டைவர்சிட்டி ஃபேக்டருக்குத் தமிழ்ச்சொல்: ஒரு கமெண்ட் ஷீட்டில் மாட்டிக்கொண்ட கதை

நா., ஏ.சி. வடிவமைப்பு, சென்னை

குழுவினருக்கு வணக்கம். எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவர் போட்ட கூலிங் லோடு கணக்கைச் சரிபார்த்து, கமெண்ட் ஷீட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் "நோட்டட் சார்" என்று ஒரு வரி பதில் வரும். தமிழில் எழுதினால் சண்டைக்கு வருகிறார். அதுதான் எனக்கு வேண்டும்.

ஆறு குறிப்பு வரை தடங்கல் இல்லை. ஏழாவதில் நின்றுவிட்டேன். சென்னையில் ஓர் அலுவலகக் கட்டடம். மேற்குப் பக்கம் 120 பேர் உட்காரும் கூடம், சாயங்காலம் 4.30க்கு உச்சம், 38 டன் குளிர்ச்சி வேண்டும். கிழக்கில் 60 பேர் பயிற்சி அறை, காலை 9.30க்கு உச்சம், 12 டன். மாடியில் 80 பேர் உணவுக்கூடம், மதியம் 1.15க்கு 13 டன். சர்வர் அறை எந்நேரமும் 3 டன். தம்பி நான்கையும் கூட்டி 66 என்று போட்டு, 0.7ஆல் பெருக்கி, கட்டடம் முழுதுக்கும் பொதுவாகத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 46 டன் போதும் என்று முடித்துவிட்டார். அந்த 0.7 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பழைய புராஜெக்ட் ஷீட்டில் இருந்ததாம்.

இந்த 0.7ஐ நாங்கள் டைவர்சிட்டி ஃபேக்டர் என்கிறோம். அகராதியைப் பார்த்தால் "பன்முகத்தன்மைக் காரணி" என்று வருகிறது. அதைக் கமெண்ட் ஷீட்டில் எழுதினால் கட்டடத்துக்குள் பல சாதி, பல மொழிக்காரர்கள் இருக்கிறார்கள் என்றுதான் தம்பி நினைத்துக்கொள்வார். சொல் ஒன்று சொல்லுங்கள்.

த., மொழிபெயர்ப்பாளர், திருச்சி

ஐயா, சொல்லைக் கேட்கும்முன் பொருளைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள். 66 என்று கூட்டியது தப்பா, 0.7 தப்பா, இரண்டும் தப்பா? நீங்கள் திருத்தியது எதை என்று தெரியாமல் சொல் செய்தால் அகராதிக்காரர் செய்ததைத்தான் நானும் செய்வேன்.

நா., சென்னை

நல்ல கேள்வி அம்மா. 66 ஒரு நேரத்திலும் வராத எண். காலை 9.30க்குக் கிழக்கு அறை கொதிக்கும்போது மேற்குக் கண்ணாடியில் வெயிலே விழாது. சாயங்காலம் மேற்குக் கூடம் 38ஐத் தொடும்போது கிழக்கு அறை 6க்கு இறங்கியிருக்கும், உணவுக்கூடம் காலி, கூரைச் சூடு மட்டும் ஒரு 4 டன். சர்வர் 3. மொத்தம் 51. அன்றைய நாளின் மற்ற மணிகளையும் போட்டுப் பார்த்தேன், இதைவிட அதிகம் எங்கும் வரவில்லை. ஆகவே சில்லருக்கு வேண்டியது 51.

ஆட்களையும் பாருங்கள். கூடத்தில் 120, பயிற்சியில் 60, சாப்பாட்டில் 80 என்று 260 பேருக்குச் சூடு கணக்கிட்டிருக்கிறார். கட்டடத்தில் இருப்பதே 120 பேர்தான். அவர்களேதான் பயிற்சிக்கும் போகிறார்கள், சாப்பிடவும் போகிறார்கள். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 130 வாட் என்று வைத்தால், இல்லாத 140 பேரின் உடம்புச் சூடு மட்டும் 18 கிலோவாட், அதாவது 5 டன். அறைக்கு அறை அந்த எண்ணிக்கை சரி, ஏனென்றால் அந்தந்த அறை நிரம்பும் நேரம் ஒன்று உண்டு. கூட்டும்போதுதான் ஒரே ஆள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

46க்கும் 51க்கும் பெரிய தூரம் இல்லை என்று தோன்றும். வினை வேறிடத்தில் இருக்கிறது. அதே 0.7ஐ ஒவ்வொரு அறைக்கும் தனியே குளிர்காற்று ஊதும் ஏ.எச்.யு.வுக்கும் போட்டிருக்கிறார். மேற்குக் கூடத்துக்கு 38க்குப் பதில் 26.6 டன். சர்வர் அறைக்கு 3க்குப் பதில் 2.1. சில்லர் பல அறைகளுக்குப் பொது, அதனால் ஓர் அறை இறங்கும்போது இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். மேற்குக் கூடத்தின் ஏ.எச்.யு. யாரிடம் கடன் வாங்கும்? 4.30க்கு அந்த அறைக்கு 38 வேண்டும் என்றால் 38தான். சர்வருக்கோ உச்சம் என்று தனியே ஒரு நேரமே கிடையாது.

மு., மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்

சார், உங்கள் தம்பி மட்டுமல்ல, நீங்களும் தப்பு. டைவர்சிட்டி ஃபேக்டர் ஒன்றுக்குக் கீழே வரவே வராது. தனித்தனி உச்சங்களின் கூட்டல் மேலே, மொத்த உச்சம் கீழே. 66ஐ 51ஆல் வகுத்தால் 1.29. நாங்கள் முப்பது வருஷமாக இப்படித்தான் போட்டோம். தலைகீழாக 51ஐ 66ஆல் வகுத்தால் வரும் 0.77 என்பது கோஇன்சிடென்ஸ் ஃபேக்டர். பெயரையே மாற்றிச் சொல்லிக்கொண்டு தமிழ் வேறு கேட்கிறீர்கள்!

நா., சென்னை

கும்பிட்டுக்கொள்கிறேன் சார், உங்கள் துறையில் அது சரி. ஏ.சி. ஆட்கள் தலைகீழாகப் போட்டு அதே பெயரில் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அதனால்தான் ஒரு வேலையில் மின்பொறியாளர் எங்கள் 0.8ஐ வாங்கிப் போய் வகுத்துவிட்டார். ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு சைஸ் ஏறிவிட்டது. தமிழ்ச்சொல்லாவது எது மேலே எது கீழே என்று சொல்லட்டும்.

ஜெ., வி.ஆர்.எஃப். விற்பனை, கோவை

அண்ணா, இதற்கு இவ்வளவு விவாதமா? வி.ஆர்.எஃப்.பில் ஒரே வெளி யூனிட்டோடு பல உள் யூனிட் ஓடும்; வெளி யூனிட்டின் அளவில் 130 சதவீதம் வரை உள் யூனிட் மாட்டுகிறோம். டைவர்சிட்டி என்பது அதுதான். 51 டன் வெளியே, 66 டன் உள்ளே, கணக்கு அழகாக உட்காருகிறதே. "கூடுதல் இணைப்பு" என்று சொல்லிவிடலாம்.

நா., சென்னை

பாதி சரி தம்பி. உள் யூனிட் முழு அளவு, வெளி யூனிட் குறைவு என்ற அமைப்பு நான் சொல்வதுதான். ஆனால் 130 என்பது அந்த மிஷினில் எவ்வளவு மாட்டலாம் என்ற வரம்பு. கட்டடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அது சொல்லாது. எல்லா அறையும் மேற்கைப் பார்த்த ஒரு விடுதிக்கு 130 மாட்டிப் பாருங்கள். சாயங்காலம் எல்லாரும் ஒன்றாகப் போடுவார்கள், இருப்பதை வெளி யூனிட் பங்கு போட்டுக் கொடுக்கும், ரிசப்ஷனுக்கு ஃபோன் வரும். 51ஐ 66ஆல் வகுத்தால் 0.77 என்பது இந்தக் கட்டடம் கொடுத்த விடை. அடுத்த கட்டடத்துக்கு அதை எடுத்துப்போகக் கூடாது. எங்கள் அலுவலகத் தம்பி செய்த தப்பும் அதுவே: விடையாக வரவேண்டியதை முதலிலேயே போட்டுவிட்டார்.

ரா., மதுரை

என் வீட்டில் மொட்டை மாடிக்குக் கீழே பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு டன் போதும் என்று கடைக்காரர் சொன்னார். மத்தியானம் குளிரவே இல்லை. இதில் எந்த விகிதம் வரும்?

த., திருச்சி

இதில் எதுவும் வராது என்று நினைக்கிறேன். ஒரே அறை, ஒரே மிஷின், கடன் வாங்க யாரும் இல்லை. நான் புரிந்துகொண்டது சரியா ஐயா?

நா., சென்னை

மிகச் சரி. அது கூரைப் பிரச்சினை. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரா., மதுரை

சரி, சுண்ணாம்பு. ஆனால் எங்கள் மாமா மண்டபம் கட்டியபோது நடந்தது இந்த விஷயம்தான் போல. முகூர்த்தக் கூடம் 500 பேர், பந்திக் கூடம் 200 பேர் என்று இரண்டுக்கும் முழுசாகப் போட்டு, கூட்டி, ஒரே பிளான்ட் வைத்தார்கள். பந்தியில் உட்காருபவர் கூடத்திலிருந்து எழுந்து வந்தவர்தானே. தாலி கட்டும் நேரத்தில் பந்தி காலி. பிளான்ட் போடும், நிற்கும், போடும், நிற்கும். கூடம் சில்லென்று இருக்கும், ஆனால் பட்டுப்புடவை பிசுபிசுக்கும். எல்லாரும் ஏ.சி. பத்தவில்லை என்றார்கள்.

நா., சென்னை

இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. பத்தாமல் இல்லை, அதிகமாகிவிட்டது. பெரிய மிஷின் சீக்கிரம் குளிர்வித்து நின்றுவிடும்; ஈரத்தைப் பிழிந்தெடுக்க அது தொடர்ந்து ஓட வேண்டும். தெர்மாமீட்டர் 23 காட்டும்போதும் தோல் பிசுபிசுத்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

த., திருச்சி

இப்போது சொல் வருகிறது. ஒவ்வோர் அறையும் தன்பாட்டுக்கு எட்டுவது தனி உச்சம். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் எட்டுவது ஒருநேர உச்சம். ஒருநேர உச்சத்தைத் தனி உச்சங்களின் கூட்டலால் வகுத்தால் ஒருநேர விகிதம். "காரணி" வேண்டாம், அதைக் கேட்டதும் எங்கிருந்தோ எடுத்துவந்து பெருக்கத்தான் கை போகும். விகிதம் என்றால் எதற்கு எது என்று கேட்கத் தோன்றும்.

மு.

ஒருநேரம் என்றால் ஒருவேளைச் சாப்பாடு ஞாபகம் வருகிறது. "உடனிகழ் உச்சம்" என்று வையுங்கள், கம்பீரமாக இருக்கும். எங்கள் 1.29க்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும், மறக்காதீர்கள்.

த., திருச்சி

கம்பீரம்தான் ஐயா, ஆனால் சைட்டில் ஃபோனில் கத்திச் சொல்ல முடியுமா? உங்கள் 1.29க்கு "பரவல் விகிதம்" தோன்றுகிறது. உச்சங்கள் எவ்வளவுக்குப் பரந்து கிடக்கின்றனவோ அவ்வளவுக்கு அது ஏறும். ஒத்துக்கொள்வீர்களா தெரியவில்லை.

மு.

யோசிக்கிறேன்.

க., நா. சொன்ன அந்தத் தம்பி

வணக்கம். நா. சார் இந்த இழையை எனக்கு அனுப்பினார். ஏழாவது குறிப்பை ஏற்றுக்கொண்டேன், ஏ.எச்.யு. எல்லாவற்றையும் தனி உச்சத்துக்கு மாற்றிவிட்டேன். ஆனால் சார், உங்கள் 51இலும் ஓர் ஊகம் இருக்கிறது. சாயங்காலம் உணவுக்கூடம் 4 டன் என்கிறீர்கள். ஆள் இல்லை, சரி. வெளிக்காற்று? ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டர் வீதம் 80 பேருக்கு எடுக்கிறோம். சென்னையின் ஈரக்காற்றுக்கு அதுவே கிட்டத்தட்ட 5 டன். நம் வரைபடத்தில் அந்த டக்டில் காற்றைக் கூட்டிக் குறைக்க இருப்பது கையால் திருப்பும் டேம்பர். மோட்டாரும் கிடையாது, கரியமிலவாயு சென்சாரும் கிடையாது. ஆள் எழுந்து போனாலும் காற்று வந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் 4 இல்லை, 9. மொத்தம் 56. ஒருநேர விகிதம் 0.85.

நா., சென்னை

அடப்பாவி. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன், கை டேம்பர்தான். பயிற்சி அறைக்கும் அதே கதையா என்று பார்த்துவிட்டுச் சொல். அங்கே நான் எழுதிய 6ம் நிற்காது போலிருக்கிறது. மோட்டார் டேம்பரும் சென்சாரும் போட்டு 51இல் நிறுத்துவதா, சில்லரை ஏற்றுவதா என்று திங்கட்கிழமை கிளையன்ட்டிடம் கேட்போம். ஷீட்டில் 7அ என்று புதுக் குறிப்பு சேர்த்துவிட்டேன்: "சரிபார்த்தவர் ஊகம் தவறு, கை டேம்பர்." ஒருநேர உச்சம் என்றே எழுதியிருக்கிறேன், மு. சார் கோபித்துக்கொள்ளக் கூடாது.