வளர்ச்சி 10%, தள்ளுபடி 8%: அந்த மைனஸ் 5000 எங்கிருந்து வந்தது?

கடற்காகம்: ஒரு முதலீட்டிலிருந்து அடுத்த வருடம் 100 வரும், இது C. அதன்பின் வருடாவருடம் 10% கூடிக்கொண்டே போகும், முடிவே கிடையாது, இந்த வளர்ச்சி g. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் r 8%. C / (r − g) போட்டால் −5000 வருகிறது. அப்படியானால் இது நஷ்ட முதலீடு என்று எங்கள் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?

தராசுமுள்: அவரை முதலில் சூத்திரத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள். முதல் பத்து வருடப் பணத்தை ஒவ்வொன்றாக 8 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் சுமார் 1007 வரும். ஐம்பது வருடம் வரை கூட்டினால் 7500ஐத் தாண்டும். நூறு வருடத்தில் 26,000க்கு மேல். ஒரு வருடம்கூட நாம் பணம் கட்டவில்லை, எல்லாம் நமக்கு வருகிற பணம். அதில் நஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவரே காட்டட்டும். யோசிக்காமல் ஒரு மைனஸ் குறியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நேர்கோடு: எரிச்சல்படுவதற்கு முன் சூத்திரத்தைப் பாருங்கள். அது உடைவது r = g என்ற ஒரே இடத்தில்தான், ஏனென்றால் பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அந்தப் புள்ளியைத் தாண்டிவிட்டால் வகுத்தல் மறுபடி நடக்கிறது. −5000 என்பது முறையாக வந்த விடை. அதற்கு என்ன அர்த்தம் என்பது வேறு கேள்வி.

தராசுமுள்: பூஜ்யத்தின் மேல் பழி போடாதீர்கள். வளர்ச்சியும் 8, தள்ளுபடியும் 8 என்று வையுங்கள். ஒவ்வொரு வருடப் பணத்தின் இன்றைய மதிப்பும் ஒரே எண்தான்: 92.59. பத்து வருடத்துக்கு 926, நூறு வருடத்துக்கு 9259. இந்தக் கூட்டலில் எங்கேயாவது பூஜ்யத்தால் வகுத்தேனா? இல்லை. ஆனாலும் கூட்டுத்தொகை எங்கும் நிற்காது, ஏனென்றால் உறுப்புகள் சிறுக்கவே இல்லை. 10 சதவீதத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிட 1.0185 மடங்கு பெரிது.

சூத்திரம் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் மைனஸின் கதையும் புரியும். தொடரை ஒரு தடவை எழுதுகிறோம், (1+g)/(1+r) ஆல் பெருக்கி இன்னொரு தடவை எழுதுகிறோம், கழிக்கிறோம். நடுவில் இருப்பதெல்லாம் அடிபட்டுப் போகும். தலையும் வாலும் மிஞ்சும். n வருடத்துக்கு வருவது இதுதான்:

```
C/(r−g) × [1 − ((1+g)/(1+r))^n]
```

g, r ஐவிடச் சிறியதாக இருந்தால் அந்த வால் தேய்ந்து மறையும், அதனால் அதை விட்டுவிட்டு C / (r − g) என்று எழுதலாம். உங்கள் எண்களில் இது −5000 + 5000 × (1.10/1.08)^n. வால் வளர்ந்துகொண்டே போகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் கையில் பிடித்திருக்கிறீர்கள். −5000 அதுதான்.

பொன்வண்டு: எங்கள் அலுவலகத்திலும் இதே பிரச்சினை வந்தது. ஒரு மதிப்பீட்டுத் தாளில் மைனஸ் வந்ததும் மேலதிகாரி ABS போட்டுக் குறியை நீக்கச் சொன்னார். எண் நம்பும்படி இருந்தது, அறிக்கையும் போய்விட்டது. இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை. நடைமுறையில் இது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

தராசுமுள்: போதாது, பொன்வண்டு. ABS போட்டால் 10% வளர்ச்சிக்கு 5000 கிடைக்கும். வளர்ச்சியை 12 ஆக்கிப் பாருங்கள், 2500. அதிகம் வளர்கிற வருவாய்க்குப் பாதி மதிப்பு! தாள் கோளாறு என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை இல்லை. வளர்ச்சியை ஏற்றும்போது மதிப்பு இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மைனஸ் குறி உங்களை எச்சரித்தது, மேலதிகாரி அதன் வாயை மூடிவிட்டார்.

பொன்வண்டு: அவர் இருபது வருட அனுபவம் உள்ளவர். நீங்கள் பேசுகிற தோரணை சரியில்லை.

நேர்கோடு: ABS பற்றி நான் பேசவே இல்லை. −5000 விடையா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள். 1 + 2 + 4 + 8 என்று போகும் தொடருக்கு −1 என்று ஆய்லர் எழுதியிருக்கிறார். ஆய்லருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

தராசுமுள்: போன மாதம் கடன் தவணை விவாதத்திலும் இப்படித்தான் ஒரு பெரிய பெயரைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள், கணக்கைப் போடவில்லை. ஆய்லர் அந்தச் சூத்திரத்துக்கு ஒரு மதிப்பு கொடுத்தார். அவர் 1, 2, 4 என்று பணம் வாங்கிக்கொண்டு, முடிவில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இங்கே கேள்வி கைக்கு வரும் பணத்தின் கூட்டுத்தொகை பற்றியது.

நேர்கோடு: ஆக −5000 ஒரு மதிப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்கள். அதைத்தானே நான் முதலிலிருந்து சொன்னேன்.

கடற்காகம்: சண்டை இருக்கட்டும். கூட்டுத்தொகை நிற்காது என்றால் மதிப்பு முடிவிலியா? என்ன விலை கேட்டாலும் கொடுத்து வாங்கலாமா?

தராசுமுள்: வாங்கக் கூடாது. முடிவிலி வருகிறது என்றால் 10% என்றென்றைக்கும் என்ற அனுமானம்தான் பொய். வளரும் பங்குகளைப் பற்றி டேவிட் டியூரண்ட் 1957இலேயே இந்தச் சிக்கலை, பரிசின் சராசரி மதிப்பு முடிவிலியாக வரும் பீட்டர்ஸ்பர்க் சூதாட்டப் புதிரோடு சேர்த்து எழுதினார். செய்ய வேண்டியது, வளர்ச்சியை இரண்டு கட்டமாகப் பிரிப்பது. பத்தாவது வருடம் வரை 10%, அதன்பின் 4% என்று வையுங்கள். முதல் பத்து வருடம் மேலே சொன்ன 1007. பதினொன்றாம் வருடப் பணம் 245.2, அதை r − g, அதாவது 0.08 − 0.04 = 0.04ஆல் வகுத்தால் சுமார் 6131, இன்றைக்குக் கொண்டுவந்தால் 2840. மொத்தம் ஏறக்குறைய 3850.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. g = 7.9% வைத்தால் சூத்திரம் உடையாது, ஒழுங்காக 1,00,000 என்று சொல்லும். ஆனால் முதல் நூறு வருடத்தில் அதில் 8850 கூட வராது. மீதி அத்தனையும் நாம் யாரும் பார்க்கப்போகாத காலத்தில் இருக்கிறது. g = 5% என்றால் 3333, அதில் 94% நூறு வருடத்துக்குள் வந்துவிடும். எல்லையை நெருங்கும்போதே விடை வெறும் அனுமானமாகிவிடுகிறது.

காட்டுமல்லி: g எப்போதும் r ஐவிடக் குறைவு என்று அடித்துப் பேசுகிறீர்கள். அமெரிக்க அரசுக் கடனின் வட்டி பல பத்தாண்டுகள் பொருளாதார வளர்ச்சியைவிடக் குறைவாகவே இருந்தது என்று பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளாஞ்சார்ட் 2019இல் பேசினாரே, அதற்கு என்ன பதில்?

தராசுமுள்: அது அரசுக் கடனின் வட்டி. ஆபத்துள்ள வருவாயைத் தள்ளுபடி செய்ய அந்த வட்டியை எடுப்பதே தவறு.

காட்டுமல்லி: யார் தவறு என்றது? ஆபத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்று நீங்களே முடிவு செய்து, g ஐவிடப் பெரிதாக வரும்வரை r ஐ ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். அதற்குக் கணக்கு என்று பெயர் வைத்தால் எப்படி?

தராசுமுள்: r ஐ ஏற்றச் சொல்லவில்லை. g ஐ நேர்மையாக வைக்கச் சொன்னேன். பொருளாதாரத்தைவிட வேகமாக ஒரு வருவாய் என்றென்றைக்கும் வளர்ந்தால், ஒருநாள் பொருளாதாரம் முழுவதும் அதுவாகவே இருக்கும். இதை இன்னும் எத்தனை தடவை எழுதுவது?

பொன்வண்டு: நான் இன்று அந்தத் தாளைத் திறந்து 12க்குப் பதில் 13 போட்டுப் பார்த்தேன். மதிப்பு இறங்கியது. ஆனாலும் மேலதிகாரியைப் பற்றி அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

நேர்கோடு: −5000 விடையா இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை. இன்னும் வரவில்லை.